ஒரு நாள் பயிற்சி முகாமுக்கு ஓ.டி. கேட்டு எழுதுவது எப்படி?

"ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பள்ளியின் ஜே.ஆர்.சி. ஆலோசகரும் நான்தான். ஜூலை 11 வெள்ளிக்கிழமை மாவட்ட அளவில் ஆலோசகர்களுக்கு ஒரு நாள் பயிற்சி முகாம். அழைப்புக் கடிதம் கைக்கு வந்துவிட்டது. அதை இணைத்து ஓ.டி. கேட்க வேண்டும். யாருக்கு, எப்படி எழுதுவது? சி.எல். போய்விடக் கூடாது."

முதலில் அந்த அழைப்புக் கடிதத்தை எடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று பாருங்கள். நீங்கள் எழுதப்போகும் விண்ணப்பத்தின் வடிவம் அதை வைத்துத்தான் அமையும்.

ஜே.ஆர்.சி. முகாம் என்றால் பெரும்பாலும் மாவட்டக் கன்வீனர் கையெழுத்திட்டிருப்பார். அவரும் வேறொரு பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியராகத்தான் இருப்பார். அவரால் உங்களை அழைக்க முடியும். உங்கள் பள்ளியிலிருந்து உங்களை விடுவிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அடிப்படை விதிகளில் 'பணி' என்பதற்கு விளக்கம் தரும் 9(6)(b) விதி, பயிற்சியில் இருக்கும் காலத்தையும் பணியாகக் கருத இடம் தருகிறது. ஆனால் அது அரசோ, அரசின் அதிகாரம் பெற்ற அலுவலரோ அனுமதித்த பயிற்சியாக இருக்க வேண்டும். அழைப்பு என்பது அனுமதி ஆகாது. ஓ.டி. கேட்டவர்களுக்கு நடுவில் சிக்கல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "அழைப்பு வந்தது, போனேன்" என்பார்கள். அலுவலகம் "யார் ஆணைப்படி போனீர்கள்?" என்று கேட்கும்.

அந்த அனுமதி உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். மாவட்ட அளவிலான முகாமுக்கு வழக்கமாக முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள் ஒன்று வெளியாகியிருக்கும். அழைப்புக் கடிதத்தின் 'பார்வை' பகுதியில் அதன் ந.க. எண் இருக்கலாம். எண், சாய்கோடு, பிரிவு, சாய்கோடு, ஆண்டு என்ற வடிவில் இருக்கும்; நடுவில் வரும் 'ஆ3' போன்ற எழுத்து அந்தக் கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைச் சொல்லும். எண் இல்லையென்றால் கன்வீனரிடம் கேட்டு அந்தச் செயல்முறைகளின் நகலை வாங்கிவிடுங்கள்.

நகல் கைக்கு வந்ததும் மேலே உள்ள விஷயத்தைப் படிப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தில் உள்ள 'பெறுநர்' பட்டியலைப் படியுங்கள். நடுநிலைப் பள்ளிகள் தொடக்கக் கல்வி நிருவாகத்தில் வருகின்றன. செயல்முறைகள் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு மட்டும் முகவரியிடப்பட்டிருந்தால், "இது நம் பள்ளிக்கு வந்த ஆணை இல்லையே" என்று உங்கள் தலைமையாசிரியர் சொன்னால் அவர் சொல்வது சரி. பட்டியலில் மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அல்லது வட்டாரக் கல்வி அலுவலர்கள் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அனுமதி உங்கள் பள்ளி வரைக்கும் வந்துவிட்டது என்று பொருள். "ஆலோசகர்களைப் பணியிலிருந்து விடுவித்து அனுப்பத் தலைமையாசிரியர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது போன்ற வரியும் உள்ளே இருந்தால் உங்கள் விண்ணப்பம் வெறும் தகவல் கடிதம் மாதிரிதான். மறுப்பதற்குப் பெரிய காரணம் இராது. இரண்டும் இல்லையென்றால், அனுமதியே இனிமேல்தான் கிடைக்க வேண்டும். அப்போது விண்ணப்பம் வட்டாரக் கல்வி அலுவலருக்குப் போக வேண்டும், தலைமையாசிரியர் வழியாக.

இரண்டு நிலையிலும் நான் பரிந்துரைப்பது ஒன்றுதான். நடுநிலைப் பள்ளியில் இருப்பவர்கள் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கே எழுதிவிடுங்கள். தலைமையாசிரியரின் வாய்மொழிச் சம்மதத்தோடு நிறுத்தினால், அவர் மாறுதலில் போன பிறகு அந்த ஒரு நாளுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் தலைமையாசிரியரையே பெறுநராகப் போட்டு எழுதலாம். மேலே அனுப்ப வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.

அழைப்புக் கடிதத்திலும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டும். உங்கள் பெயரும் பள்ளியின் பெயரும் அதில் இருக்கிறதா? "அனைத்து ஆலோசகர்களும்" என்று பொதுவாக இருந்தால், அந்த ஆலோசகர் நீங்கள்தான் என்பதை விண்ணப்பத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். உங்களை ஆலோசகராக நியமித்த தலைமையாசிரியரின் குறிப்பு இருந்தால் அதன் நகலையும் சேர்க்கலாம். முகாம் தொடங்கும் நேரம் மட்டுமல்லாமல் முடியும் நேரமும் இருக்க வேண்டும். "காலை 10 மணி முதல்" என்று மட்டும் இருந்தால் மதியத்தோடு முடிந்திருக்கலாம் அல்லவா என்ற கேள்வி வரும். பள்ளிக்குப் பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள் முகாம் நடந்து பகல் ஒரு மணிக்கே முடிகிறது என்றால், முற்பகலுக்கு மட்டும் ஓ.டி. தந்து பிற்பகல் பள்ளிக்கு வரச் சொல்வது நியாயமான முடிவுதான். அதை எதிர்த்து வாதாட வேண்டாம். அடுத்தது கையெழுத்தும் முத்திரையும். வாட்ஸ்அப்பில் வரும் வண்ண அழைப்பிதழில் இவை இரண்டும் இருக்காது. அதை அச்செடுத்து இணைப்பதில் பயனில்லை. ஏற்பாட்டாளரிடம் பெயர், பள்ளி, நாள், நேரம், இடம் போட்டுக் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கேட்டு வாங்குங்கள். அதை ஸ்கேன் செய்து அனுப்பினாலும் போதும்.

இனி எழுதும் விதம். விண்ணப்பத்தில் எங்கேயும் 'விடுப்பு' என்ற சொல் வரக் கூடாது. "ஓ.டி. விடுப்பு வழங்குமாறு" என்று பலர் எழுதுகிறார்கள். அலுவலகத்தில் தபால் பிரிக்கும்போது பொருள் வரியில் 'விடுப்பு' என்று இருந்தால் அது விடுப்புக் கோப்புக்குப் போய்விடும். அங்கே இருப்பது தற்செயல், ஈட்டிய, மருத்துவ விடுப்புகள்தான். உங்கள் தாள் அந்தப் பட்டியலில் எதிலாவது ஒன்றில் உட்கார்ந்துவிடும். அதேபோல 'மாற்றுப்பணி' என்றும் எழுதாதீர்கள். ஆசிரியர்களிடையே அந்தச் சொல் இன்னொரு பள்ளிக்குப் பணி செய்ய அனுப்பப்படுவதைக் குறிக்கிறது. "அந்நாளைப் பணியில் இருந்த நாளாகக் கருதி அனுமதி" என்று நீட்டி எழுதிவிட்டால் எந்தக் குழப்பமும் இல்லை.

உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் ஒரு மாதிரி இதோ. முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள் ஜூன் 30ஆம் தேதியும் அழைப்பு ஜூலை 1ஆம் தேதியும் வந்ததாகவும், நீங்கள் ஜூலை 3 வியாழன் அன்று எழுதுவதாகவும் வைத்துக்கொள்கிறேன். கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
______, பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்) மற்றும் ஜே.ஆர்.சி. ஆலோசகர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ______,
______ ஒன்றியம்.

பெறுநர்
வட்டாரக் கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம், ______.

வழி: தலைமையாசிரியர் அவர்கள், ஊ.ஒ.ந.நி. பள்ளி, ______.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: ஜே.ஆர்.சி. ஆலோசகர்களுக்கான மாவட்ட அளவிலான ஒரு நாள் பயிற்சி முகாம் – 11.07.2025 – கலந்துகொள்ள அனுமதியும் அந்நாளைப் பணியில் இருந்த நாளாகக் கருதி ஆணையும் வேண்டுதல் – சார்பு.

பார்வை: 1. ______ மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் செயல்முறைகள், ந.க.எண். ____/ஆ3/2025, நாள் 30.06.2025.
2. ஜே.ஆர்.சி. மாவட்டக் கன்வீனரின் அழைப்புக் கடிதம், நாள் 01.07.2025.

பார்வை 2இல் காணும் கடிதத்தின்படி, ஜே.ஆர்.சி. ஆலோசகர்களுக்கான ஒரு நாள் பயிற்சி முகாம் 11.07.2025 வெள்ளிக்கிழமை காலை 10.00 மணி முதல் மாலை 4.30 மணி வரை ______ பள்ளியில் நடைபெறுகிறது. எங்கள் பள்ளியின் ஜே.ஆர்.சி. ஆலோசகராக நான் செயல்பட்டு வருகிறேன். மேற்படி முகாமில் கலந்துகொள்ள அனுமதித்து, 11.07.2025 ஒரு நாளைப் பணியில் இருந்த நாளாகக் கருதி ஆணை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைய தினம் எனது பாடவேளைகளைக் கவனிக்க மாற்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. விவரம் இணைப்பு 3இல் உள்ளது. இம்முகாமுக்காகத் துறையிடமிருந்து பயணப்படி கோரவில்லை. முகாம் முடிந்ததும் வருகைச் சான்றினைச் சமர்ப்பிப்பேன்.

இணைப்பு: 1. பார்வை 1 நகல். 2. பார்வை 2 நகல். 3. பாடவேளை மாற்று ஏற்பாடு விவரம்.

இடம்: ______
நாள்: 03.07.2025
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

மாதிரியில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'பார்வை' பகுதியைச் சும்மா அலங்காரத்துக்குப் போடவில்லை. ஆணை தயாரிக்கும் உதவியாளர் அந்த இரண்டு வரிகளையும் அப்படியே தன் வரைவின் பார்வையாக எடுத்துக்கொள்வார். மூன்றாவதாக உங்கள் விண்ணப்பத்தைச் சேர்ப்பார். எண்ணோ தேதியோ தப்பாக இருந்தால் ஆணையிலும் தப்பாகவே ஏறும். பின்னால் தணிக்கையில் அந்த எண்ணைத் தேடும்போது வேறு கோப்பு கிடைக்கும். செயல்முறைகளின் நகல் கிடைக்கவில்லை என்றால் முதல் பார்வையை விட்டுவிடுங்கள்; கண்ணால் பார்க்காத எண்ணை யாரோ சொன்னார்கள் என்று எழுத வேண்டாம்.

உங்கள் பெயரை எமிஸிலும் சம்பளப் பட்டியலிலும் இருப்பது போலவே, இன்ஷியலோடு எழுதுங்கள். அழைப்பில் ஒரு விதமாகவும் விண்ணப்பத்தில் வேறு விதமாகவும் இருந்தால், அழைப்பில் உள்ளதைக் கன்வீனரிடம் சொல்லித் திருத்தி வாங்குவது நல்லது. முகாமில் தரும் வருகைச் சான்று அந்தப் பட்டியலை வைத்துத்தான் எழுதப்படும். தப்பு அங்கேயும் தொடரும்.

மாற்று ஏற்பாடு பற்றிய வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுப்பு வருவதற்கு உண்மையான காரணம் பல சமயம் விதியாக இருக்காது, ஆள் இல்லாமைதான். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு நீங்கள் ஒருவரே அறிவியல் எடுக்கிறீர்கள் என்றால், அன்றைக்கு எத்தனை பாடவேளை, எந்த வகுப்பு, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு சிறு அட்டவணை போட்டு, பொறுப்பேற்கும் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி இணையுங்கள். உதாரணமாக, வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஐந்து பாடவேளை இருந்தால், அதில் இரண்டை அடுத்த வார அட்டவணையிலிருந்து கணித ஆசிரியரோடு மாற்றிக்கொள்ளலாம். மீதி மூன்றுக்கு மேற்பார்வை மட்டும் போதும். தலைமையாசிரியர் இந்தத் தாளைப் பார்த்தவுடன் அவர் யோசிக்க வேண்டிய வேலை குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே இரண்டு பேர் வேறு பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போயிருக்கும் நாளில் மட்டும் இதுவும் உதவாது. அப்படி இருந்தால் கன்வீனரிடம் பேசி வேறு அணியில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஆலோசகர் பயிற்சி சில சமயம் கல்வி மாவட்ட வாரியாகப் பல நாட்களில் பிரித்து நடத்தப்படுகிறது.

பயணப்படி பற்றிய வரி தேவையா என்று யோசிக்கலாம். ஓ.டி. கிடைத்தால் பயணப்படி தானாக வராது. அது தனி ஆணை. ஏற்பாட்டாளர்கள் பேருந்துக் கட்டணம் தருகிறார்கள் என்றால் துறையிடம் அதே பயணத்துக்குக் கேட்கக் கூடாது. கோரவில்லை என்று முதலிலேயே எழுதிவிட்டால் "இதற்கு நிதி எந்தத் தலைப்பில்?" என்ற கேள்வியே எழாது, கோப்பு ஒரு மேசை குறைவாகச் சுற்றும். செயல்முறைகளிலேயே பயணப்படி உண்டு என்று இருந்தால் இந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீங்கள் பயிற்சி பெறப் போகிறீர்களா, கருத்தாளராகப் பேசப் போகிறீர்களா? கருத்தாளர் என்றால் அதையும் எழுத வேண்டும். மதிப்பூதியம் தருகிறார்கள் என்றால் அதை வாங்க முன் அனுமதி தனியாகக் கேட்க வேண்டும். ஒரு நாள் ஓ.டி.க்கான ஆணை அதற்கும் சேர்த்து அனுமதி ஆகிவிடாது.

தலைமையாசிரியரிடம் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் அவர் "பரிந்துரைத்து அனுப்பப்படுகிறது, பள்ளிப் பணிக்குப் பாதிப்பு இல்லை" என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் தேதியும் வைக்க வேண்டும். இந்த வரி இல்லாமல் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனால் 'உரிய வழியாக வரவில்லை' என்று திரும்பிவிடும். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதத்தின் நகலை மட்டும் இணையுங்கள். "உண்மை நகல்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். அசலை முகாமுக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும்.

நாள் கணக்கு இப்படி ஓடும். வியாழன் கொடுத்தால் அன்றோ வெள்ளியோ தலைமையாசிரியர் பரிந்துரை கிடைக்கும். வெள்ளி அல்லது திங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தபால் பதிவாகி எண் கிடைக்கும். அந்த எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "போன வாரம் கொடுத்தேன்" என்று தேடச் சொல்வதைவிட எண் சொல்லிக் கேட்டால் ஒரு நிமிடத்தில் கோப்பு வரும். செவ்வாய், புதன் அலுவலர் பள்ளிப் பார்வைக்குப் போய்விட்டால் வியாழனில்தான் கையெழுத்து. ஐந்து வேலை நாள் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். முந்தைய நாள் கொடுத்துவிட்டு ஆணையை எதிர்பார்ப்பது கஷ்டம்.

முகாமுக்கு முந்தைய நாள் மாலை வரை ஆணை வரவில்லை என்றால் என்ன செய்வது? அலுவலகத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். "போய் வாருங்கள், ஆணை பின்னால் தருகிறோம்" என்று அலுவலரே சொன்னால், அதைத் தலைமையாசிரியரிடம் சொல்லி, உங்கள் விண்ணப்பப் பிரதியில் "இன்ன தேதியில் தொலைபேசியில் அனுமதிக்கப்பட்டது" என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திடச் செய்யுங்கள். பின்னால் வருவது பின்னேற்பு ஆணையாக இருக்கும். யாரிடமும் எந்த உறுதியும் கிடைக்கவில்லை என்றால், தனியாக ஒரு தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு. அனுமதியும் இல்லை, விடுப்பும் இல்லை என்ற நிலையில் போனால் அது அனுமதியின்றிப் பணிக்கு வராத நாள், ஒரு சி.எல். இழப்பைவிட அது பல மடங்கு மோசம். பிறகு ஆணை வந்ததும் அந்த விடுப்பை ரத்து செய்து கணக்கில் திரும்பச் சேர்க்கும்படி ஆணை நகலோடு எழுதிக் கேட்கலாம்.

அதே சமயம் ஓ.டி. விண்ணப்பத்துக்குள்ளேயே "அனுமதி இல்லையெனில் தற்செயல் விடுப்பாகக் கருதவும்" என்ற வரியைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அலுவலகத்துக்கு எளிய வழி அதுவாகிவிடும். ஓ.டி. என்றால் ஆணை எழுத வேண்டும்; விடுப்பு என்றால் ஒரு கோடு போட்டால் போதும். இரண்டில் எது நடக்கும் என்று தெரிந்ததுதானே.

முகாம் நாளன்று பள்ளியில் நடக்க வேண்டியவையும் முக்கியம். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் உங்கள் கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது, 'ஓ.டி.' என்று எழுதி ஆணை எண்ணை அருகில் குறிக்கும்படி தலைமையாசிரியரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். அன்று காலை யாராவது பள்ளி ஆய்வுக்கு வந்தால் வெறும் கட்டத்தை வராதவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். TNSED Schools செயலியில் காலையில் ஆசிரியர் வருகை பதியும்போதும் விடுப்பைத் தேர்ந்தெடுக்காமல் பயிற்சி அல்லது ஓ.டி. என்பதைக் குறிக்கும் தெரிவையே எடுக்க வேண்டும். அவசரத்தில் சி.எல். என்று அழுத்திவிட்டால் அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஓ.டி., செயலியில் சி.எல். என்று இரண்டு விதமாக இருப்பது பிறகு தலைமையாசிரியரை விளக்கம் எழுத வைக்கும். விடுப்பு விண்ணப்பத்தைக் களஞ்சியம் செயலியில் போடும் வழக்கம் உள்ள பள்ளிகளில், ஓ.டி. கேட்கும் நாளுக்கு அங்கே சி.எல். விண்ணப்பிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன பாதுகாப்புக்காகப் போட்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

இந்த ஒரு நாளுக்கு இவ்வளவு கவனம் ஏன் என்றால், இதற்கு வேறு எங்கும் பதிவு கிடையாது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அது பணிப்பதிவேட்டில் ஏறாது, சம்பளமும் குறையாது. ஒரு நாள் ஓ.டி.யும் அப்படித்தான். ஆகவே சம்பளச் சீட்டைப் பார்த்து எது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நவம்பரில் சி.எல். கேட்கும்போது "உங்களுக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி" என்று சொல்வார்கள். அப்போதுதான் ஜூலையில் நடந்தது வெளியே வரும். சாட்சி வருகைப் பதிவேடும் ஆணையின் நகலும்தான்.

முகாமிலிருந்து கிளம்பும் முன் வருகைச் சான்று வாங்காமல் வராதீர்கள். நிறைவு விழாவில் தரும் அழகான சான்றிதழ் வேறு, வருகைச் சான்று வேறு. சான்றிதழில் பெரும்பாலும் நேரம் இருக்காது. சிலவற்றில் தேதிகூட அச்சுப் பிழையோடு இருக்கும். வருகைச் சான்றில் உங்கள் பெயர், பதவி, பள்ளி, "11.07.2025 அன்று காலை 10.00 மணி முதல் மாலை 4.30 மணி வரை கலந்துகொண்டார்" என்ற வரி, கையெழுத்து, முத்திரை இருக்க வேண்டும். கடைசி அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். முத்திரை வைக்க விட்டுப்போவது அந்த நெரிசலில்தான். மதிய உணவு வேளையிலேயே உங்கள் விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் மாலையில் முத்திரையைப் பார்த்து வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

அடுத்த வேலை நாளான 14ஆம் தேதி திங்களன்று அதை ஒரு சிறு கடிதத்தோடு தலைமையாசிரியரிடம் கொடுங்கள்:

"பார்வையில் காணும் ஆணையின்படி 11.07.2025 அன்று நடைபெற்ற பயிற்சி முகாமில் கலந்துகொண்டேன். வருகைச் சான்றின் அசல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இதனை ஏற்று அந்நாளைப் பணியில் இருந்த நாளாகப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அசல் பள்ளிக் கோப்புக்கு, நகல் உங்களுக்கு. பின்னேற்பு ஆணைக்காகக் காத்திருப்பவர்கள் இந்தச் சான்றின் இன்னொரு நகலை வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் அதே வழியில் அனுப்ப வேண்டும். சான்று போகாததால்தான் பல பின்னேற்புக் கோப்புகள் மாதக்கணக்கில் நகராமல் கிடக்கின்றன.

கல்வித் துறையோடு தொடர்பில்லாத ஓர் அமைப்பு நடத்தும் முகாமுக்கும் இதே மாதிரியைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வடிவம் அதேதான், ஆனால் பார்வை 1 இருக்காது. அழைப்பு மட்டுமே உங்கள் கையில் உள்ள தாள். அப்போது பயிற்சி உங்கள் பாடத்தோடோ பள்ளிப் பொறுப்போடோ எப்படித் தொடர்புடையது என்பதை இரண்டு வரியில் குறிப்பாக எழுதுங்கள். எட்டாம் வகுப்பில் இந்த அலகு, பள்ளியில் இந்த மன்றம் என்று சொல்ல வேண்டும். "மாணவர் நலன் கருதி" என்று பொதுவாக எழுதினால் அது எந்த விண்ணப்பத்துக்கும் பொருந்தும், அலுவலரின் முடிவுக்கு உதவாது. அங்கே ஓ.டி. தருவது முழுக்க அவர் விருப்பம். மறுத்தால் மேல்முறையீட்டில் இறங்காமல் ஒரு சி.எல். எடுத்துப் போய்வருவதே மேல். முடிந்தால் அமைப்பாளர்களைப் பள்ளித் தலைமையாசிரியருக்கோ வட்டாரக் கல்வி அலுவலருக்கோ நேரடியாக, "தங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரை அனுப்பி வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்று முகவரியிட்டு எழுதச் சொல்லுங்கள். அழைப்பு உங்கள் பெயருக்கு வந்தால் நீங்கள் கேட்க வேண்டும். அலுவலகத்துக்கு வந்தால் அவர்கள் அனுப்புகிறார்கள். ஆணை எழுதுபவருக்கு இரண்டாவது வழி எளிது.

உங்கள் முகாமுக்கு மாணவர்களையும் அழைத்துவரச் சொல்லியிருந்தால் அதை இந்த விண்ணப்பத்தில் கலக்காதீர்கள். பெற்றோர் சம்மதக் கடிதம், பயண ஏற்பாடு, உடன் செல்லும் ஆசிரியர் என்று அது தனி அனுமதி. அதற்காகத் தனிக் கடிதமே எழுதுங்கள்.